எடுத்த தண்ணீர் ஏன் இரண்டே வாரத்தில் திரும்பி வருகிறது: சிரோசிஸ், ஆல்புமின், டிப்ஸ்

கல்லீரல் சிரோசிஸ் உள்ள ஒருவருக்கு வயிற்றிலிருந்து 8 லிட்டர் தண்ணீர் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்று இரவு நிம்மதியாகத் தூங்குகிறார், அடுத்த நாள் வயிறு நிறையச் சாப்பிடுகிறார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் வயிறு பழையபடி உப்பி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. “போன தடவை முழுசா எடுக்கலையா?” என்பதுதான் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. முழுசாகத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் தண்ணீர் சேர்வதற்கான காரணம் உள்ளே அப்படியே இருக்கிறது, அது தினமும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. அந்தக் காரணம் என்ன என்று புரிந்துவிட்டால், ஏன் ஆல்புமின் ஏற்றுகிறார்கள், டிப்ஸ் என்ற சிகிச்சையை ஏன் சிலருக்குச் சொல்கிறார்கள், சிலருக்கு ஏன் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரியும்.

கல்லீரல் தழும்பேறி இறுகிப்போனால், குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் எளிதாக நுழைய முடியாது. அந்த ரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய குழாய்க்குப் போர்ட்டல் சிரை என்று பெயர். உள்ளே போக வழியில்லாததால் அந்தச் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. போர்ட்டல் சிரைக்கும் கல்லீரலைத் தாண்டி இதயத்துக்குப் போகும் சிரைக்கும் இடையே இருக்கும் அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மி.மீ. பாதரசத்துக்குள்தான் இருக்கும். அது 10-ஐத் தாண்டினால் வயிற்றில் நீர் கோர்ப்பது போன்ற சிக்கல்கள் தொடங்கலாம். கல்லீரலின் மேற்பரப்பிலிருந்தும் குடலைச் சுற்றிய நுண்குழாய்களிலிருந்தும் நீர் கசிந்து வயிற்றுக்குள் சேர்கிறது. கல்லீரல் தயாரிக்கும் ஆல்புமின் என்ற புரதம் ரத்தத்தில் குறைந்திருப்பதும் இந்தக் கசிவுக்கு உதவுகிறது.

ஆனால் கசிவு மட்டும்தான் என்றால் விஷயம் கொஞ்சத்தில் நின்றிருக்கும். ரத்தத்தில் நீர் குறையும்போது கசிவும் குறைந்துவிடும் இல்லையா? அது நிற்காமல் போவதற்குக் காரணம் சிறுநீரகம். போர்ட்டல் அழுத்தம் ஏறும்போது குடல் பகுதியில் உள்ள தமனிகள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. நிறைய ரத்தம் அங்கேயே தங்கிவிட, மற்ற தமனிகளில் ரத்தம் போதவில்லை என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. உடம்பில் மொத்தம் எத்தனை லிட்டர் நீர் கிடக்கிறது என்பதைச் சிறுநீரகத்தால் கணக்கிட முடியாது. தமனியில் அழுத்தமும் ஓட்டமும் எப்படி இருக்கின்றன என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். வயிற்றில் 10 லிட்டர் இருந்தாலும், ‘இந்த ஆள் ரத்தம் இழந்து கிடக்கிறார்’ என்று முடிவுகட்டி, ரெனின், ஆல்டோஸ்டிரோன் முதலான ஹார்மோன்களின் உத்தரவுப்படி உப்பை ஒரு துளிகூட வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. உப்பு தங்கினால் நீரும் கூடவே தங்கும். அந்த நீர்தான் வயிற்றுக்குள் இறங்குகிறது.

அதனால் இந்த நோயில் கணக்குப் பார்க்க வேண்டியது உப்பை. வயிற்று நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 7.5 கிராம் சாப்பாட்டு உப்புக்குச் சமமான அளவு கரைந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒருவருக்கு எத்தனை நாளில் எவ்வளவு சேரும் என்று வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம், கட்டுரை முடியும்வரை இவரோடேயே போகலாம். 56 வயது ஆண், சிரோசிஸ், குடியை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மருத்துவர் சொன்னபடி நாளுக்கு 5 கிராம் உப்புதான் சாப்பிடுகிறார், அதாவது எல்லா உணவும் சேர்த்து ஒரு தேக்கரண்டி அளவு. வியர்வையிலும் மலத்திலும் அரை கிராமுக்குச் சற்று மேல் போகும். சிறுநீரகம் மோசமாக உப்பைப் பிடித்து வைப்பதால் சிறுநீரில் போவதும் அதே அளவுதான். ஆக, நாளுக்கு ஏறக்குறைய 4 கிராம் உடம்பில் தங்குகிறது. 14 நாளுக்கு 56 கிராம். அதை 7.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஏழரை லிட்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 7, 8 லிட்டர் எடுக்க வேண்டி வருகிறது என்றால் அவர் பத்தியத்தைச் சரியாகத்தான் கடைப்பிடிக்கிறார், யாரும் அவரைத் திட்ட வேண்டியதில்லை.

இதே ஆள் நாளுக்கு 10 கிராம் உப்பு சாப்பிட்டால்? தங்குவது 8.8 கிராம், இரண்டு வாரத்தில் 16 லிட்டர். வாராவாரம் 8 லிட்டர் எடுத்தாக வேண்டும். பத்து நாள் கூடத் தாங்காமல் வயிறு நிறைந்துவிடுகிறது என்றால், உப்பு எங்கிருந்தோ உள்ளே வருகிறது என்று சந்தேகிக்கலாம். ஊறுகாய், பாக்கெட் தின்பண்டம், கரையும் மாத்திரை (தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகைகளில் சோடியம் கணிசமாக இருக்கும்) என்று தேடிப் பார்க்க வேண்டும். சந்தேகத்தைத் தீர்க்க 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து, அதில் சோடியம் எவ்வளவு போகிறது என்று அளப்பார்கள். நிறையப் போய்க்கொண்டிருக்கும்போதே எடை ஏறுகிறது என்றால் சாப்பாட்டில் உப்பு அதிகம். ஒன்றுமே போகவில்லை என்றால் நீர் மாத்திரை எடுபடவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், இது அடிக்கடி நடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 128 என்று குறைவாக வரும். ‘அய்யோ உப்பு குறைஞ்சிருச்சு’ என்று வீட்டில் உப்பைக் கூட்டிப் போட்டுவிடுவார்கள். உண்மையில் உடம்பில் உப்பு குறையவில்லை, கூடத்தான் இருக்கிறது. அதைவிட நீர் இன்னும் அதிகமாகத் தங்கியிருப்பதால் ரத்தத்தில் அது நீர்த்துத் தெரிகிறது, அவ்வளவுதான். உப்பைக் கூட்டினால் வயிறுதான் பெருக்கும். அதே போல, வயிறு வீங்குகிறதே என்று குடிநீரை எல்லோருக்கும் குறைக்க வேண்டியதில்லை. ரத்தச் சோடியம் நன்றாக இறங்கியவர்களுக்கு, ஏறக்குறைய 125-க்குக் கீழே போகும்போது, மருத்துவர் அதைச் சொல்வார்.

சரி, மாத்திரைக்கு வருவோம். சிறுநீரகம் பிடித்து வைக்கிற உப்பை வலுக்கட்டாயமாக வெளியேற்றுவதுதான் நீர் மாத்திரையின் வேலை. ஸ்பைரனோலாக்டோன் 100 மில்லிகிராம், ஃபுரோஸ்மைடு 40 மில்லிகிராம் என்று பெரும்பாலும் தொடங்கி, அதே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போய் 400-க்கு 160 வரை கொண்டுபோகலாம். பெரும்பாலோருக்கு முதலில் இது நன்றாகவே எடுபடும். கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளுக்கு அரை கிலோவுக்கு மேல் எடை குறையக் கூடாது, ஏனென்றால் வயிற்று நீர் அதைவிட வேகமாக ரத்தத்துக்குத் திரும்பாது. வேகம் கூடினால் ரத்தக்குழாய்தான் வறளும்.

நம் உதாரண மனிதருக்கு 200-க்கு 80 கொடுத்தபோதே சிக்கல் வந்துவிட்டது. சிறுநீரகம் திணறினால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 0.9-லிருந்து 2.1 ஆனது, பொட்டாசியம் 6.1 ஆனது. மருந்தை நிறுத்தினால் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன, ஆனால் வயிறு நிறைகிறது. மறுபடி தொடங்கினால் மறுபடி சிறுநீரகம் திணறுகிறது. இப்படி, போதிய அளவு மருந்தைக் கொடுக்கவே முடியாமல் போவதும், முழு அளவு கொடுத்தும் உப்புக் கட்டுப்பாடு இருந்தும் நீர் இறங்காமல் போவதும், இரண்டுமே ‘கட்டுக்கடங்காத’ வகை என்று சொல்லப்படுகின்றன. நடைமுறையில் முதல் வகைதான் அதிகம். அந்த முடிவுக்கு வருவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும்: இடுப்பு வலிக்கோ மூட்டு வலிக்கோ டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போடுகிறாரா? அவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, நீர் மாத்திரையை வேலை செய்ய விடாது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனாலாப்ரில், லோசார்டான் வகைகளும் இந்தக் கட்டத்தில் ஆபத்து. இவற்றை நிறுத்தியதும் ‘கட்டுக்கடங்காத’ நீர் கட்டுக்குள் வந்தவர்கள் உண்டு.

அப்படி எதுவும் இல்லை என்றால் அடுத்த வழி ஊசி வைத்து எடுப்பது. பெரும்பாலும் வயிற்றின் இடது கீழ்ப் பக்கம், இடுப்பு எலும்பின் முன்முனையிலிருந்து இரண்டு விரல் அளவு மேலேயும் உள்ளேயும், ஸ்கேன் வைத்துப் பார்த்துவிட்டுக் குத்துவார்கள். தோலை மரக்கவைத்து, மெல்லிய குழாயை விட்டு, சில மணி நேரத்தில் வடித்துவிட்டுக் குழாயை எடுத்துவிடுவார்கள். சிரோசிஸ் நோயாளிக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். கூடுதலாகவும் தட்டணுக்கள் குறைவாகவும் இருக்கும், அதைப் பார்த்துப் பலரும் பயப்படுவார்கள். ஆனால் அந்த எண்கள் இந்தச் சின்ன ஊசிக்கு ரத்தம் கசியுமா என்பதைச் சரியாகச் சொல்வதில்லை. வழக்கமாக முன்கூட்டியே பிளாஸ்மாவோ தட்டணுவோ ஏற்றத் தேவையில்லை. குத்திய இடத்தில் நீர் ஒழுகிக்கொண்டே இருந்தால் எதிர்ப் பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்வார்கள்; அதிலும் நிற்காவிட்டால் ஒரு தையல்.

இனி ஆல்புமின். இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘புரதம் குறைஞ்சிருக்கு, சத்துக்காக ஏத்துறாங்க’ என்பார்கள். சத்துக்காக இல்லை. 8 லிட்டரை எடுத்ததும் வயிற்றின் அழுத்தம் சட்டென்று குறைகிறது, அதுவரை அழுந்திக் கிடந்த ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அடுத்த சில மணி நேரத்தில் வெற்றிடத்தை நிரப்ப ரத்தத்திலிருந்து நீர் மறுபடி வயிற்றுக்குள் இறங்கத் தொடங்குகிறது. ஏற்கெனவே ‘ரத்தம் போதவில்லை’ என்று நினைத்துக்கொண்டிருந்த சிறுநீரகத்துக்கு இப்போது உண்மையிலேயே போதவில்லை. ஹார்மோன்கள் இன்னும் ஏறும், உப்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். விளைவாக நீர் முன்பைவிட வேகமாகச் சேரும், ரத்தச் சோடியம் இறங்கும், சிறுநீரகம் கெடும். தொந்தரவு அன்றே தெரியாது. ஊசி போட்ட அன்று நன்றாக இருந்தவருக்கு, சில நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்கும்போது கிரியாட்டினின் ஏறியிருக்கும். 1988-இல் பார்சிலோனா மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆல்புமின் ஏற்றாமல் நீரை எடுத்தவர்களுக்கு இந்தச் சிறுநீரகக் கோளாறும் சோடியம் இறக்கமும் கூடுதலாக வந்தன. அன்றிலிருந்துதான் இது வழக்கமானது.

அளவு, எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம். நம் ஆளுக்கு 8 லிட்டர் எடுத்தால் 48-லிருந்து 64 கிராம் வரை. 20 சதவீத ஆல்புமின் 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கும். மூன்று பாட்டில் என்றால் 60 கிராம், கணக்குக்குச் சரியாக உட்காருகிறது. நீர் வடியும்போதோ வடிந்து முடிந்த கையோடோ மெதுவாக ஏற்ற வேண்டும், ‘நாளைக்கு வாங்க’ என்று தள்ளிப்போடுவதில் பயனில்லை. ரொம்ப வேகமாக ஏற்றினால் இதயம் பலவீனமானவர்களுக்கு மூச்சுத்திணறல் வரலாம், அதையும் கவனிக்க வேண்டும். ஒரே தடவையில் 8 லிட்டருக்கு மேல் எடுக்க எடுக்க, ஆல்புமின் கொடுத்தாலும் இந்தச் சிக்கலின் வாய்ப்பு கூடுகிறது. அதனால் ‘வந்ததுதான் வந்தோம், எல்லாத்தையும் எடுத்துடுங்க’ என்று கேட்பது புத்திசாலித்தனம் இல்லை. 5 லிட்டருக்குள் எடுக்கும்போது ஆல்புமின் கட்டாயமா என்பதில் வழிகாட்டு நெறிகளுக்குள் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆனால் சோடியம் குறைவாகவோ கிரியாட்டினின் கூடுதலாகவோ இருக்கிற ஒருவருக்கு அந்தச் சிறிய அளவுக்கும் ஏற்றுவதே நல்லது என்பது என் எண்ணம்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு எடைக் கருவி போதும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே மாதிரி உடையில் நின்று எடையை எழுதி வைக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் என்பது ஒரு கிலோ. எடுத்த அன்று 62, பத்தாம் நாள் 67 என்றால் 5 லிட்டர் சேர்ந்துவிட்டது. வயிறு கல்லாக இறுகும்வரை காத்திருக்காமல் எப்போது அடுத்த தேதி என்று முன்கூட்டியே சொல்லலாம். இன்னொரு விஷயம் அந்த எடையிலேயே ஒளிந்திருக்கிறது: நீரை எடுத்த பின் வரும் எடை மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போனால் தசை கரைகிறது. வயிறு பெருத்திருப்பதால் ஆள் மெலிவது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நீரோடு புரதமும் வெளியே போகிறது, நிறைந்த வயிற்றால் சாப்பிடவும் முடிவதில்லை. கல்லீரல் நோய் என்று சொல்லிப் புரத உணவைக் குறைப்பது பழைய பழக்கம், இப்போது அப்படிச் சொல்வதில்லை. பருப்பு, முட்டை, பால் எல்லாம் வேண்டும், இரவு படுக்கும் முன் சிறிது சாப்பிடவும் சொல்கிறார்கள்.

எடுத்த நீரை அப்படியே கொட்டிவிடக் கூடாது, கொஞ்சத்தைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் உள்ளே தொற்று. காய்ச்சலும் வலியும் இல்லாமலும் இது வரலாம் என்பதால்தான் சோதனை. வீட்டில் காய்ச்சல், வயிற்று வலி, திடீர்க் குழப்பம், சிறுநீர் குறைவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

இப்படி மூன்று, நான்கு மாதம் போகிறது. ஒவ்வொரு தடவையும் நீர் போகிறது, வருகிறது. போர்ட்டல் அழுத்தம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அழுத்தத்தையே குறைத்தால் என்ன என்ற கேள்விக்கு விடைதான் டிப்ஸ். கழுத்தில் உள்ள பெரிய சிரை வழியாகக் குழாயை விட்டு, இதயத்தின் வலது பக்கம் தாண்டி, கல்லீரலுக்குள் இருக்கும் சிரை ஒன்றில் இறங்குகிறார்கள். அங்கிருந்து ஊசியால் கல்லீரல் திசுவைத் துளைத்துப் போர்ட்டல் சிரையின் கிளையைப் பிடித்து, அந்தத் துளையைப் பலூனால் விரித்து, உறை போட்ட ஸ்டென்ட் ஒன்றை வைக்கிறார்கள். வயிற்றைக் கிழிப்பதில்லை. கல்லீரலுக்குள் நுழைய வழியில்லாமல் நின்ற ரத்தத்தில் ஒரு பகுதி இனி அந்த ஸ்டென்ட் வழியாகக் கல்லீரல் திசுவைத் தொடாமலே இதயத்துக்குப் போய்விடும். நன்மையும் இதுதான், தொல்லையும் இதுதான்.

நம் ஆளின் எண்களைப் பார்ப்போம். மஞ்சள் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 1.8, ஐ.என்.ஆர். 1.4, மருந்தை நிறுத்திய பின் கிரியாட்டினின் 1.2. இந்த மூன்றையும் வைத்துக் கல்லீரல் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்லும் மெல்ட் மதிப்பெண் 14 வருகிறது. இதய எக்கோவில் பம்ப் செய்யும் திறனும் நுரையீரல் அழுத்தமும் சரியாக இருக்கின்றன. நினைவு தடுமாற்றம் ஒருமுறைகூட வந்ததில்லை. டிப்ஸுக்கு நல்ல ஆள் இவர். வைக்கும்போது அழுத்த வித்தியாசம் 19-லிருந்து 9-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 12-க்குக் கீழே கொண்டுவருவதுதான் வழக்கமான குறி. வீட்டுக்கு வருகிறார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் வயிறு மறுபடி நிறைந்திருக்கிறது! குடும்பம் உடைந்துபோகும் இடம் இது, ‘பண்ணியும் வேலைக்கு ஆகலையே’ என்று. ஆனால் அது தோல்வி இல்லை. அழுத்தம் அன்றே குறைந்துவிட்டாலும், சிறுநீரகம் உப்பைப் பிடிப்பதை விடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை உப்புக் கட்டுப்பாடும், தாங்குகிற அளவு நீர் மாத்திரையும், இடையில் ஒன்றிரண்டு தடவை ஊசியும் தொடரும். இவருக்கு இரண்டாம் வாரம் 5 லிட்டர், ஆறாம் வாரம் 3 லிட்டர் எடுத்து, நான்காம் மாதத்தில் எடுக்கவே தேவையில்லாமல் போகிறது. இப்படித்தான் நல்ல பலன் தரும்போது போகும். மாதங்கள் கழிந்தும் அளவு குறையவே இல்லை என்றால் டாப்ளர் ஸ்கேனில் ஸ்டென்ட் அடைத்திருக்கிறதா, குறுகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

சரியான ஆளுக்கு வைத்தால் பலன் எவ்வளவு என்பதற்கு 2017-இல் பிரான்சிலிருந்து வந்த ஓர் ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 62 நோயாளிகள், பாதிப் பேருக்கு உறை போட்ட ஸ்டென்ட், மீதிப் பேருக்கு நீர் எடுத்து ஆல்புமின். ஒரு வருடம் கழித்து, மாற்றுக் கல்லீரல் தேவைப்படாமல் உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 93 சதவீதம், இரண்டாம் குழுவில் 52 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் தேர்ந்தெடுத்த நோயாளிகள். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஆறு தடவைக்கு மேல் நீர் எடுத்தவர்களை அவர்கள் சேர்க்கவில்லை. அதாவது நோய் முற்றிப்போவதற்கு முன்பே வைத்தார்கள். இதை விட்டுவிட்டு 93 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

இதே 56 வயது மனிதருக்குப் பிலிருபின் 4.6 என்று வைத்துப் பாருங்கள். அப்போது பதில் மாறிவிடும். அந்தக் கல்லீரல் ஏற்கெனவே தள்ளாடுகிறது. அதற்கு வரும் ரத்தத்தையும் ஸ்டென்ட் திருப்பிவிட்டால் முழுவதுமாகச் செயலிழக்கலாம். பிலிருபின் 3-ஐத் தாண்டினாலே மருத்துவர்கள் தயங்குவார்கள். இதயமும் முக்கியம், ஏனென்றால் இவ்வளவு நாள் தேங்கியிருந்த ரத்தம் ஒரே நாளில் இதயத்துக்கு வந்து சேர்கிறது. பலவீனமான இதயமாக இருந்தால் டிப்ஸ் முடிந்த சில வாரங்களில் கால் வீங்கி, மூச்சு வாங்கும். மூளைக் குழப்பம் ஏற்கெனவே அடிக்கடி வருகிறவர், தொற்று ஆறாதவர், இவர்களுக்கும் வேண்டாம் என்பார்கள். வயது கூடக் கூட யோசனையும் கூடும்.

எல்லாம் சரியாக அமைந்தவருக்கும் வரக்கூடிய முக்கியத் தொல்லை மூளைக் குழப்பம்தான். குடலில் உருவாகும் அமோனியா போன்றவற்றைக் கல்லீரல் வடிகட்டித்தான் மூளைக்கு அனுப்பாமல் தடுத்துக்கொண்டிருந்தது. இப்போது குறுக்கு வழி திறந்துவிட்டது, வடிகட்டாத ரத்தம் நேராகப் போகிறது. மூன்றில் ஒருவருக்காவது இது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே வைக்க வேண்டும். முதல் அறிகுறி மயக்கம் இல்லை, தூக்கம் தலைகீழாவதுதான்: பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பார். கேள்விக்குப் பதில் சற்றுத் தாமதமாக வரும், கையெழுத்து மாறும், தெரிந்த கணக்கு தப்பும். அவருக்கே இது தெரியாது, உடன் இருப்பவர்கள்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் மலச்சிக்கல், தொற்று, நீர் மாத்திரை அதிகமாகி உடம்பு வறள்வது, இவற்றில் ஒன்று தூண்டிவிட்டிருக்கும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளகிப் போகும்படி லாக்டுலோஸ் கொடுப்பார்கள். ரிஃபாக்ஸிமின் என்ற மருந்தை டிப்ஸுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கி ஆறு மாதம் கொடுத்த பிரெஞ்சு ஆய்வொன்றில், குழப்பம் வந்தவர்கள் 53 சதவீதத்திலிருந்து 34 சதவீதமாகக் குறைந்தார்கள். மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் ஸ்டென்டுக்குள் இன்னொன்றை வைத்துக் குறுக்கலாம். குறுக்கினால் வயிற்று நீர் திரும்ப வரலாம், அதுவும் தெரிந்தே செய்வதுதான். முதலிலேயே ஸ்டென்டை 8 மி.மீ. அளவில் விரித்துத் தொடங்குவது இப்போது பலர் விரும்பும் வழி.

டிப்ஸ் போல ஒன்றை வேறு வழியில் திருப்பிவிடுவதற்கு ஷண்ட் என்று பெயர்; முன்பெல்லாம் ஷண்ட் என்றால் வேறொன்று. 1970-களில் லெவீன் ஷண்ட் என்று, வயிற்று நீரையே தோலுக்கடியில் ஒரு குழாய் வழியாகக் கழுத்துச் சிரைக்குத் திருப்பிவிடுவது இருந்தது. அடைத்துக்கொள்வதும், தொற்றும், ரத்த உறைதல் கோளாறும் அதிகமாக வந்ததால் இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. வயிற்று நீரைச் சிறுநீர்ப்பைக்குத் தள்ளும் பேட்டரி பம்ப் ஒன்று சில இடங்களில் இருக்கிறது. டிப்ஸும் முடியாது, மாற்றுக் கல்லீரலும் முடியாது, இனி வலியில்லாமல் இருந்தால் போதும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு வயிற்றில் நிரந்தரக் குழாய் வைத்து வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கலாம். தொற்றின் ஆபத்து உண்டு, ஆனால் மாதம் இரண்டு தடவை மருத்துவமனை வாசலில் காத்திருப்பது மிச்சமாகும். சிலருக்கு அதுவே பெரிய விஷயம்.

மாற்றுக் கல்லீரல் என்ற பேச்சு எப்போது வர வேண்டும்? நீர் மாத்திரை எடுபடவில்லை என்று தெரிந்த அன்றே. இந்தக் கட்டத்தை அடைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருவது. நம் உதாரண மனிதரின் மெல்ட் 14-தான், அதை மட்டும் பார்த்தால் காத்திருப்போர் பட்டியலில் அவர் ரொம்பப் பின்னால் நிற்பார். அடிக்கடி நீர் எடுக்க வேண்டியிருப்பதை அந்த மதிப்பெண் கணக்கில் எடுப்பதில்லை. எனவே மதிப்பெண் குறைவாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாது. டிப்ஸ் வைத்தவருக்கும் பின்னால் மாற்றுக் கல்லீரல் வைக்க முடியும். ஸ்டென்டின் முனை இதயம் வரையோ போர்ட்டல் சிரைக்குள் நெடுந்தூரமோ நீட்டிக்கொண்டிருந்தால் அந்த அறுவை சிகிச்சை கடினமாகும் என்பதால், அந்த யோசனை இருக்கிறது என்பதை வைப்பதற்கு முன்பே இரு குழுவும் பேசிக்கொள்ள வேண்டும்.

அடுத்த தடவை நீர் எடுக்கப் போகும்போது மருத்துவரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: “இவருக்கு டிப்ஸ் பொருந்துமா, பொருந்தாது என்றால் எந்த எண்ணால்?” பிலிருபினா, இதயமா, வயதா, குழப்பமா என்று பதில் வரும். பிலிருபின் இன்று 1.8-ஆக இருந்து ஆறு மாதத்தில் 4-ஐத் தொட்டுவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்டே பயனில்லை, அதனால் மூன்றாவது, நான்காவது ஊசியிலேயே கேட்டுவிடுங்கள்.